மல்லிகைக் கணக்கில் அளவு ஏன் “சொல்ல முடியாது”?

“தை முகூர்த்தத்தில் மல்லிகைக்குத் தேவை கூடுது, பனியால் வரத்து குறையுது. விலை, விற்கும் அளவு இரண்டும் கூடும்னு எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்?”

விலை கூடும் என்பது சரிதான். தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்தாலும், அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தாலும் விலை ஏறத்தான் செய்யும். அளவில்தான் இழுபறி: முன்னது கூட்டும், பின்னது குறைக்கும்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விலையிலேயே 3 டன் கூடுதலாகக் கேட்கிறார்கள், வரத்தோ 5 டன் குறைகிறது என்று வைப்போம். இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு சாய்ந்திருந்தால் விற்கும் அளவு 1 டன் குறையும். 3, 5 இரண்டையும் இடம் மாற்றினால் 1 டன் கூடும். விலை இரண்டிலும் ஏறும்.

கேள்வியில் எண் தராததால் “அளவு நிச்சயமில்லை” என்பதே விடை. படத்தில் நீங்கள் தேவைக் கோட்டைத் தாராளமாக நகர்த்தியிருப்பீர்கள், அதுதான் ஏமாற்றிவிட்டது.