மீற்றர் அண்ணனுக்கு இரண்டு வரி

ஐயா, வணக்கம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆலையில் 36 வருடம் நெல் வாங்கும் பகுதியில் நின்ற ஒருவர் போன மாதம் காலமானார். நெல்லை வாயில் போட்டுக் கடித்து ஈரம் சொல்வார். அதனால் விவசாயிகள் அவரை ‘மீற்றர் அண்ணன்’ என்பார்கள். ஆலையின் முகநூல் பக்கத்தில் அவரது படத்துக்குக் கீழே போட ஹாஜியார் என்னை எழுதச் சொன்னார். நான் எழுதியது இது:

‘எமது நிறுவனத்தின் தூணாக விளங்கி, தன் வாழ்நாளையே நிறுவன வளர்ச்சிக்காக அர்ப்பணித்த அமரர் … அவர்களின் மறைவு எமது நிறுவனக் குடும்பத்துக்கு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகும். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம். நிர்வாகம் மற்றும் ஊழியர்கள்.’

எல்லோரும் நல்லது என்றார்கள். இரண்டு நாள் கழித்து கட்டாரில் இருக்கும் அவரது மகள் கோல் எடுத்து, “அண்ணா, இது ஆருக்கும் பொருந்தும், எங்கட அப்பாவுக்கு மட்டும் பொருந்தல்ல” என்றார். மரியாதையாகத்தானே எழுதினேன்? 31ஆம் நாளுக்கும் நான்தான் எழுத வேண்டும். எங்கே பிழை?

காரைதீவிலிருந்து ஒரு வாசகர்

தம்பிக்கு,

உங்கள் தமிழில் பிழை இல்லை. மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் ஆறு வருடம் ப்ரூப் பார்த்தவன் நான். நீங்கள் எழுதிய வரிகளைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒருமுறை பெயரை மாற்றவே மறந்துபோய், பாடசாலை அதிபர் ஒருவருக்கு வந்த அஞ்சலிப் பிரசுரத்தில் முந்திய வாரம் இறந்த வட்டிக்கடைக்காரரின் பெயர் அப்படியே போய்விட்டது. பிரசுரத்தைக் கையில் வாங்கிய பத்து இருபது பேரும் அடிவரை வாசித்துவிட்டுப் போன பிறகுதான் ஒருவர் கண்டுபிடித்தார். பெயரைத் தவிர வேறெதுவும் அவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. மகள் சொன்னதும் அதைத்தான்.

ஆனால் அவரைச் சுட்டது வேறொரு இடம் என்று நினைக்கிறேன். ‘தன் வாழ்நாளையே நிறுவன வளர்ச்சிக்காக அர்ப்பணித்த’ என்ற வரியை அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரும்போக அறுவடை நேரம் லொறிகள் வரிசையில் நிற்க, அப்பா இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பார். அந்த நேரமெல்லாம் வீட்டிலிருந்து எடுத்த நேரம். அதை அவர் ஆலைக்கு அர்ப்பணித்தார் என்று ஆலையே சொல்லும்போது, எடுத்தவரே கொடுத்தவருக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டது போல இருக்கும். ‘நிறுவனக் குடும்பம்’ என்பதும் அப்படித்தான். குடும்பம் என்று ஒன்று கட்டாரில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குடும்பம் எதற்கு? சம்பளம் கொடுத்த இடம் அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதற்கும் உரிமை கொண்டாட முடியாது. வேலைத்தலத்தில் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம். அதைச் சரியாகச் சொன்னாலே போதும், வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

நீங்கள் என்ன பார்த்தீர்கள்? பதிவில் அது ஒரு சொல்லும் இல்லை, எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நெல்லைக் கடித்து ஈரம் சொல்வார் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையைத் தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அரசாங்கக் கொள்வனவில் காய்ந்த நெல்லுக்கு நூற்றுக்கு 14 ஈரம்தான் அளவு. ஈரம் கூடினால் தனியார் ஆலை விலையைக் குறைக்கும். அந்தக் குறைப்பில்தான் சண்டை வரும். மேல் சாக்கு காய்ந்த நெல்லாக இருக்கும், அடிச் சாக்கில் ஈரம் இருக்கும். அதனால் அனுபவம் உள்ளவர் நடுவிலும் அடியிலும் இரும்புக் குழாயால் குத்தி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உமி போக்கி, ஒரு மணியைக் கடவாய்ப் பல்லில் வைப்பார். டக் என்று உடைந்தால் காய்ந்தது. சத்தமில்லாமல் நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காய வேண்டும். நசுங்குகிற நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி மணி மஞ்சளாகும், சோறு நாறும். விற்க வந்தவரின் முகத்துக்கு முன்னால் நின்று அந்தச் சத்தத்துக்கு விலை சொல்வது லேசான வேலை இல்லை. உங்கள் ஆள் 36 வருடம் அதைச் செய்துவிட்டு, விவசாயிகளிடமிருந்தே ஒரு பட்டப்பெயரும் வாங்கியிருக்கிறார். இதை விட்டுவிட்டுத் தூண் என்று எழுதினால் எப்படி?

பட்டப்பெயர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரை மட்டும் போட்டால், அவரிடம் இருபது வருடம் நெல் கொண்டுவந்து கொடுத்த நாவிதன்வெளிப் பக்கத்துக் கமக்காரருக்கு இறந்தது யார் என்றே தெரியாது. பட்டப்பெயரும் வேண்டும். ஆனால் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். மில்லில் எல்லோரும் சிரித்துக்கொண்டு கூப்பிட்ட பெயர் சில வீடுகளில் சங்கடமாக இருக்கும். ‘மீற்றர் அண்ணன்’ நல்ல பெயர்தான், அவர்களும் சம்மதிப்பார்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம் அந்த 36. உங்கள் பதிவில் அது வராதது ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் எழுதுவதற்கு முன் கோப்பைப் பார்க்க வேண்டும். 1989இல் கைக்காசுக்குச் சேர்ந்தவரை 2003இல்தான் ஊழியர் சேமலாப நிதியில் பதிந்திருப்பார்கள். நம் பக்கத்தில் இது நடக்காத கதையா? அப்படியென்றால் முகநூலில் 36 வருடம், கோப்பில் 22 வருடம் என்று இருக்கும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் பணிக்கொடை என்பது கடைசிச் சம்பளத்தில் பாதியை முடிந்த சேவை வருடங்களால் பெருக்குவது. வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் அது உரித்தாளிகளுக்குச் சேரவேண்டிய காசு. சம்பளம் ஐம்பதாயிரம் என்று வையுங்கள். 36 வருடத்துக்கு ஒன்பது இலட்சம், 22 வருடத்துக்கு ஐந்தரை இலட்சம். நிறுவனம் தன் பெயரில் ஊருக்கே 36 என்று அறிவித்துவிட்டு வீட்டுக்கு 22க்கான காசோலையை அனுப்பினால், அந்த அஞ்சலியை மகள் எப்படி வாசிப்பார்? எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் ஹாஜியாரிடம் இரண்டு தாள்களையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்கிறேன். நல்ல மனிதர் என்றால் கோப்பைத் திருத்தச் சொல்வார்.

‘ஆத்மா சாந்தி’ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். முதலாளி முஸ்லிம், இறந்தவர் இந்து, எழுதுகிறவர் நீங்கள். அந்த வரி யாருடைய வாயிலிருந்து வருகிறது? ஹாஜியார் தன் வாயால் சொல்லாத ஒரு பிரார்த்தனையை அவர் பெயரில் போடத் தேவையில்லை. ‘எங்கள் அனுதாபம்’ என்பதை அவரும் மனதாரச் சொல்வார், நீங்களும் சொல்வீர்கள். நாளைக்கு அதே ஆலையில் ஒரு முஸ்லிம் ஊழியர் மௌத்தானால் ‘அமரர்’ போடக்கூடாது, ‘மர்ஹூம்’ என்றுதான் வரும். ஜனாஸா அடக்கும் நேரம் முதல் வரியிலேயே வேண்டும், ஏனென்றால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். படம் போடுவதைச் சில குடும்பங்கள் விரும்புவதில்லை, அதையும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து அறிவித்தலைப் பார்த்து எழுதுகிறவர்கள் ‘தகனக்கிரியை’ என்று கைப்பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். இங்கே பல இந்துக் குடும்பங்களில் அடக்கம்தான். சனம் தவறான இடத்தில் போய் நிற்கும்.

முதல் பதிவை எப்போது போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம், ஆள் இறந்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்தில் படத்தைப் போட்டுவிட்டது. வெளிநாட்டில் இருந்த மகனுக்குத் தகப்பன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவன் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் போனில் பார்த்துவிட்டான். வீட்டார் சொல்லுங்கள் என்று சொல்லும்வரை பக்கம் பேசக்கூடாது. அன்றைக்குப் போடுவதற்கென்று ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த விளம்பரம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இறந்தவரின் படத்துக்கு மேலே ‘சம்பா கிலோவுக்குச் சலுகை விலை’ என்று வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, 31ஆம் நாளுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அளவுகளை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் ஆலையின் நெல் வாங்கும் பகுதியில் 1989 முதல் வேலை செய்தவர் திரு. (முழுப்பெயர்). விவசாயிகளுக்கு அவர் மீற்றர் அண்ணன். நெல்லைக் கடித்துப் பார்த்து அவர் சொன்ன ஈரத்தை விற்க வந்தவர்களும் ஏற்றார்கள், வாங்கிய நாங்களும் ஏற்றோம். தராசடியில் இப்போது ஒரு கருவி வைத்திருக்கிறோம். அது சொல்வதை இன்னும் இரண்டு தடவை பார்க்கிறோம். அவரது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அனுதாபம். வரும் ஞாயிறு அவரது 31ஆம் நாள். அன்று பகல் 12 மணி வரை நெல் வாங்க மாட்டோம்.’

கருவி இல்லையென்றால் அந்த இரண்டு வரியை வெட்டுங்கள், அலங்காரத்துக்கு வைக்க வேண்டாம். ‘விற்க வந்தவர்களும் ஏற்றார்கள்’ என்பதைப் போட முன்பு நாலு விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், ‘என்ட நெல்லை மட்டும் ஒவ்வொரு போகமும் ஈரம் என்பான்’ என்று சிரித்தால் அதுவும் நல்லதுதான். கடைசி வரியை ஹாஜியார் சம்மதித்தால் மட்டும் போடலாம். அரை நாள் தராசை மூடுவதற்கு ஒரு விலை இருக்கிறது. அதனால்தான் அந்த வரிக்கு எடை. படத்துக்குத் தராசடியில் நின்று எடுத்தது இருந்தால் அதைப் போடுங்கள், அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட வேண்டாம். ஆலையின் இலச்சினை ஒரு மூலையில் சின்னதாக இருந்தால் போதும். தொலைபேசி இலக்கம் வேண்டவே வேண்டாம்.

ஸ்தாபகரே இறந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போது வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு நெல்லுக்கான காசு பாக்கி இருக்கும், காசோலை மாறுமா என்ற பயம் இருக்கும். அதற்குப் பதில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் அடுத்த நாள், தனி அறிவித்தலில். அஞ்சலிக்குள் கணக்கு வரக்கூடாது. ஹாஜியார் நீண்ட காலம் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் முகநூலுக்கு முன்பு அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு, வியாழன் இரவு அனுப்பினால் ஆறுதலாக வாசிப்பார். ஏதாவது சொல்லை வெட்டச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் வெட்டிவிடுங்கள்.