எல்லைக் கணக்கில் 0/0 வந்தால் அங்கேயே நிறுத்தலாமா?

கேள்வி: lim x→4 (√x − 2)/(x − 4) கணக்கில் 4 போட்டால் 0/0 வருகிறது. 'வரையறுக்க முடியாது' என்று எழுதினேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்றுதானே படித்தோம்?

பதில்: வகுக்கக் கூடாதுதான். x = 4 என்ற இடத்தில் இந்தச் சார்புக்கு மதிப்பு கிடையாது, அந்த அளவில் நீங்கள் எழுதியது சரி. ஆனால் கணக்கு அதைக் கேட்கவில்லை. x நான்கைத் தொடாமல் அதை நெருங்கிக்கொண்டே போனால் இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்குகிறது என்றுதான் கேட்கிறது.

கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். x = 4.1 என்றால் சுமார் 0.2485, x = 4.01 என்றால் 0.2498. மறுபக்கம் 3.9-க்கு 0.2516, 3.99-க்கு 0.2502. இரண்டு பக்கமும் 0.25-ஐ நோக்கித்தான் வருகின்றன. இப்படி ஓர் எண்ணைப் பின்னம் தெளிவாகக் காட்டும்போது விடை இல்லை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

இனி முறையாக. மேலும் கீழும் (√x + 2)-ஆல் பெருக்குங்கள். மேலே (√x − 2)(√x + 2) = x − 4 ஆகிவிடும், கீழே (x − 4)(√x + 2). இரண்டிலும் உள்ள x − 4-ஐ அடித்துவிடலாம், ஏனென்றால் x நான்கை நெருங்குகிறதே தவிர நான்காக இல்லை, அதனால் x − 4 பூஜ்யமும் இல்லை. மிஞ்சுவது 1/(√x + 2). இப்போது 4 போட்டால் 1/4.

மேலே இருந்த பூஜ்யமும் கீழே இருந்த பூஜ்யமும் ஒரே x − 4-இலிருந்து வந்தவை, அதை எடுத்ததும் விடை தெரிந்துவிட்டது. இன்னொன்று, இந்த எல்லைதான் x = 4-இல் √x-இன் வகைக்கெழு. எந்த வகைக்கெழுவையும் அதன் வரையறையிலிருந்து கண்டுபிடிக்கப் போனால் நேராகப் போட்டதும் 0/0-தான் வரும், அதற்காக நின்றுவிட்டால் வகைநுண்கணிதமே இருக்காது.

அதற்காக 0/0 வந்தாலே எல்லை உண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். |x − 4|/(x − 4) என்பதிலும் 4 போட்டால் அதே 0/0-தான். ஆனால் வலப்பக்கமிருந்து வந்தால் எப்போதும் 1, இடப்பக்கமிருந்து வந்தால் எப்போதும் −1. இரண்டும் ஒத்துப்போகாததால் இங்கே எல்லை இல்லை என்று எழுதலாம், ஆனால் இந்த இரண்டு மதிப்புகளையும் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

5/0 மாதிரி, மேலே பூஜ்யமல்லாத எண்ணும் கீழே பூஜ்யமும் வந்தால் அது வேறு விஷயம். அங்கே பின்னத்தின் அளவு கட்டில்லாமல் பெருகும், அதனால் முடிவுள்ள எல்லை கிடையாது என்று உடனே சொல்லிவிடலாம். 0/0-க்கு அப்படிச் சொல்ல முடியாது, காரணிப்படுத்தியோ இப்படி இணையால் பெருக்கியோ பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.