வெட்ட முதல் பத்து நிமிஷம்: கேள்வி பதில்

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் இறைச்சி அடுப்பைப் பார்க்கிறவன் நான். சுட்ட இறைச்சியை வெட்ட முதல் ஏன் ஆறவிடணும் என்று கேளுங்கோ.

"அண்ணை, அடுப்பால எடுத்த உடனே வெட்டினா பலகை முழுக்கச் சாறு ஓடுது. ஏன்?"

சூட்டில் இறைச்சி நார் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரித் தண்ணியை வெளியே தள்ளும். அந்த நேரம் சாறு நீர்த்துக் கிடக்கும். கத்தி பட்ட இடத்தால ஓடும். ஆற ஆற அது தடிக்கும். எலும்புச் சூப் ஆறினா பசையாகிறதைப் பார்த்திருப்பீங்கள், கொஞ்சம் அந்த மாதிரி. போன கிழமை 4 சென்ரிமீற்றர் தடிப்பில் இரண்டு மாட்டிறைச்சித் துண்டு சுட்டேன். உடனே வெட்டினதில் பலகையில் மூன்று மேசைக்கரண்டி சாறு. கம்பித் தட்டில் பத்து நிமிஷம் வைச்சதில் ஒரு கரண்டிதான்.

"சூட்டுக்குச் சாறு நடுவுக்கு ஓடி, ஆறினதும் திரும்பி வருதாம். சரிதானே?"

ஆறினா சாறு நிற்கும் என்கிறது சரி. ஓடிப்போற கதை பிழை. நடுப்பகுதி ஏற்கெனவே தண்ணியால நிறைஞ்சிருக்கு, அங்கே எங்கே இடம்?

"கிண்ணியாவில இருந்து கேக்கிறன் நானா. மாட்டிறைச்சிக் கறிய எவ்வளவு நேரம் ஆறவிடணும்?"

கறிக்குத் தேவையில்லை. விட்ட சாறு குழம்பிலதானே கிடக்கு.

"கோழிக்கும் ஆறவிடணுமா?"

இதை இண்டைக்கு மூன்றாவது ஆள் கேக்கிறார். போறணையில் வெந்த முழுக்கோழிக்கு 15 நிமிஷம், சின்னத் துண்டுகளுக்கு வேண்டாம். அலுமினியத் தாளால இறுக்கி மூடாதேங்கோ! ஆவியில் தோல் நமுத்துப் போகும்.

"பலகையில ஓடினதைப் பாணால தொட்டுச் சாப்பிடுறன். எனக்கென்ன நட்டம்?"

நல்லாக் கேட்டீங்கள். சாற்றில் நட்டமில்லைத்தான். ஆனா எடுத்த பிறகும் வெளிப்பக்கத்துச் சூடு உள்ளே போய்க்கொண்டிருக்கும். போன கிழமை ஆறவைச்ச துண்டை நடு 54 பாகையில் எடுத்தேன். எட்டு நிமிஷத்தில் 58. எனக்கு வேண்டினது 58, அதனாலதான் முன்னமே எடுத்தேன். 58 வரும்வரை அடுப்பில விட்டுப் பிறகு ஆறவைச்சிருந்தா 62 வரைக்கும் போய், நார் இன்னும் சுருங்கி, சாறு கூடுதலாப் போயிருக்கும். ஆறவிட்டும் காய்ஞ்சுபோச்சு என்கிற ஆக்கள் அனேகமா இந்தப் பிழையைத்தான் விடுறவை.

"அப்ப வேலை செய்யிறது முன்னமே எடுக்கிறது. ஆறவிடுறது சும்மா சடங்கு, அப்பிடித்தானே?"

சடங்கு இல்லை. மூன்று கரண்டியும் ஒரு கரண்டியும் நான் கண்ணால கண்டது. ஆனா ஆறவைக்கேக்குள்ளேயும் ஆவியாக் கொஞ்சம் போகுது, அதை நான் நிறுக்கேல்லை. அந்த இரண்டு கரண்டி வித்தியாசம் வாயில் தெரியுமோ என்றும் சத்தியம் பண்ண மாட்டன். நாளைக்குத் தராசையும் எடுத்து வைச்சு, குசினிப் பெடியங்களின்ர கண்ணைக் கட்டித் தின்னக் குடுத்துப் பாக்கிறன்.

"பலகையில ஓடுற சாறு சிவப்பா இருக்கே, அது இரத்தமா?"

இல்லை, தசையில இருக்கிற நிறப் புரதம் கலந்த தண்ணி.