மூன்று தடவை தண்ணீர் மாற்றியும் குளோரைடு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: பி.எஸ்ஸி வேதியியல் படிக்கிறேன், ஊர் புதுச்சேரி. ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மத்தை செலோஃபேன் பையில் கட்டி டயாலிசிஸ் செய்கிறோம். கணக்குப்படி 3 முறை தண்ணீர் மாற்றினால் போதும் என்றார்கள். 2 நாள் ஆகியும் வெளித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகிறது. பையில் ஓட்டையா? எப்போதுதான் நிறுத்துவது?

பதில்:

பக்கத்து ஊர்தான், கடலூர். இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கூழ்மச் சோதனை நடக்கும் வாரத்தில் இந்தப் புலம்பல் தவறாமல் காதில் விழும்.

ஓட்டையா என்பதை முதலில் தீர்த்துவிடலாம். பை கிழிந்திருந்தால் குளோரைடு மட்டும் வராது, செம்பழுப்பு நிறக் கூழ்மமும் சேர்ந்தே வரும். வெளித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் லேசர் பாயின்டரை அடித்துப் பாருங்கள். கூழ்மத் துகள் இருந்தால் ஒளி போகும் பாதை கோடு மாதிரி தெரியும். அயனிகள் மட்டும் இருந்தால் கோடு தெரியாது. முதல் தண்ணீரில் லேசாக மஞ்சள் தட்டினால் பயப்பட வேண்டாம். நீராற்பகுப்பு அடையாமல் மிச்சமிருந்த ஃபெரிக் அயனிகள் வெளியேறுகின்றன, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும், லேசர் கோடு மட்டும் தெரியாது. நிறம் இருக்கிறது, கோடு இல்லை என்றால் பை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் ஆசிரியர் சொன்ன கணக்கு அநேகமாக இப்படி இருக்கும். கொதிக்கும் 100 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் 2 சதவீத ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறுள்ள படிகம்) கரைசலைச் சொட்டுச் சொட்டாக 10 மி.லி. விடுகிறோம். கொதியில் ஆவியாவது போக ஏறக்குறைய 100 மி.லி. கூழ்மம் மிஞ்சும். அதில் குளோரைடு லிட்டருக்கு 0.022 மோல் அளவில் இருக்கும். அதிலிருந்து 50 மி.லி.யைப் பையில் கட்டி 500 மி.லி. தண்ணீரில் தொங்கவிட்டால், உள்ளும் புறமும் சமமாகும்போது குளோரைடு 550 மி.லி.யில் பரவி, 11 மடங்கு குறைந்து 0.002 மோல் ஆகும். தண்ணீரை மாற்றினால் இன்னொரு 11 மடங்கு. மூன்றாவது முடியும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம்தான் மிச்சம். அதற்குச் சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்கல் கண்ணுக்குத் தெரிவதே சந்தேகம். ஆக, 3 முறை போதும் என்பது காகிதத்தில் சரிதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலர் அடிக்கடி மாற்றச் சோம்பல்பட்டு, ஒரே பக்கெட்டில் இரண்டரை லிட்டர் ஊற்றிப் பையைப் போட்டுவிடுவார்கள். அதில் குறைவது 51 மடங்குதான். அரை லிட்டரை இரண்டு தடவை மாற்றினாலே 121 மடங்கு வந்துவிடும். அதே இரண்டரை லிட்டரை அரை அரை லிட்டராக ஐந்து தடவை ஊற்றினால் ஒன்றரை லட்சம் மடங்கையும் தாண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு என்கிற ஆய்வகத்தில் இந்தக் கணக்கு முக்கியம்.

காகிதக் கணக்கு பொய்க்க மூன்று காரணம் உண்டு. முதலாவது, நேரம். 11 மடங்கு என்பது உள்ளும் புறமும் முழுக்கச் சமமான பிறகு கிடைப்பது. செலோஃபேன் மெல்லியது, அதைத் தாண்டக் குளோரைடுக்கு அதிக நேரம் ஆகாது. பையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்து சேர்வதுதான் தாமதம். அசையாமல் நிற்கும் கரைசலில் ஒரு சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்கவே மணிக்கணக்கில் ஆகும். தூரம் பாதியானால் நேரம் கால்வாசியாகும். அதனால் குண்டுப் பையை விட ஒடுங்கிய குழாய் போலக் கட்டுவதே மேல். வெளித் தண்ணீரைக் காந்தக் கலக்கியால் சுழலவிடுங்கள், பையையும் அவ்வப்போது மெல்லப் புரட்டுங்கள். பையை முட்ட முட்ட நிரப்பவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். சவ்வூடு பரவலால் தண்ணீர் உள்ளே புகுந்து பை உப்பும். இடமில்லாவிட்டால் முடிச்சு நழுவும், இல்லை சவ்வு கிழியும்.

இரண்டாவது, தண்ணீர். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோரமாகப் போர் போட்ட இடங்களில் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் பால் மாதிரி வெளுக்கும். ஆகவே பையைப் போடும் முன்பே, நீங்கள் ஊற்றப்போகிற தண்ணீரை மட்டும் ஒரு சோதனைக்குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். தெளிவாக நின்றால்தான் மேலே போக வேண்டும். கேனில் வரும் குடிதண்ணீரையும் இந்தச் சோதனை இல்லாமல் நம்பாதீர்கள்.

குழாய்த் தண்ணீரை ஊற்றுவதில் குளோரைடை விடப் பெரிய வில்லங்கம் சல்பேட். நேர்மின் கூழ்மமான ஃபெரிக் ஹைட்ராக்சைடைத் திரிய வைக்க, பாடப்புத்தக மதிப்புப்படி பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 9 மில்லிமோல் அளவில் வேண்டும். பொட்டாசியம் சல்பேட் 0.2 மில்லிமோலே போதும். அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் சல்பேட், உப்புத் தண்ணீரில் சர்வ சாதாரணம். சல்பேட்டும் சிறிய அயனிதான், வெளியிலிருந்து தாராளமாகப் பைக்குள் போகும். சவ்வு வெளியே விடுவதை உள்ளேயும் விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காலையில் வந்து பார்த்தால் பைக்குள் பழுப்புச் சேறும் மேலே தெளிந்த தண்ணீரும் இருக்கும். பழி மட்டும் செலோஃபேன் மேல் விழும்.

மூன்றாவது காரணம்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். நேரமும் கொடுத்து, நல்ல தண்ணீரும் ஊற்றிய பிறகும் லேசான வெண்மை வந்துகொண்டே இருக்கும். சவ்வை வெறும் சல்லடையாக நினைப்பதால்தான் இது புரியாமல் போகிறது. துளையின் அளவைப் பார்த்தால் குளோரைடுக்குத் தடையே இல்லை. சாதாரண செல்லுலோஸ் டயாலிசிஸ் குழாயின் துளை இரண்டு, மூன்று நானோமீட்டர் இருக்கும், குளோரைடு அயனி அதை விட எவ்வளவோ சிறியது. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட ஒவ்வொரு துகளும் நேர்மின்சுமை ஏந்தி நிற்கிறது. அத்தனை நேர்ச்சுமைக்கும் ஈடாக எதிர்ச்சுமை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது குளோரைடுதான். துளை திறந்தே இருந்தாலும் அது தனியாக வெளியேற முடியாது. துணைக்கு ஒரு நேர் அயனி சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் அதன் இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் எதிர் அயனி வர வேண்டும்.

சுத்தமான தண்ணீரில் அந்தத் துணை எது? ஹைட்ரஜன் அயனி. துகளின் பரப்பில் நீராற்பகுப்பு மெதுவாகத் தொடர்ந்து நடந்து ஹைட்ரஜன் அயனியை விடுவிக்க, அதோடு சேர்ந்து குளோரைடும் வெளியேறுகிறது. அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் துளித்துளியாகக் கசிகிறது. நீங்கள் இரண்டாம் நாள் பார்க்கும் வெண்மை பழைய மிச்சம் மட்டும் அல்ல, துகளின் மின்சுமையே கரைந்து வருவதும்தான். கொதிநிலையில் ஃபெரிக் குளோரைடிலிருந்து உருவாகும் துகளின் படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் குளோரைடு சிக்கியிருப்பதும் உண்டு. அதை எத்தனை தண்ணீர் மாற்றினாலும் முழுதாக எடுக்க முடியாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை. குளோரைடு வெளியே ஏறக்குறைய நின்றுபோன கூழ்மத்தில் சில மி.லி. எடுத்து, சோடியம் சல்பேட் கரைசலைச் சில சொட்டுகள் விடுங்கள். உடனே பழுப்பாகத் திரியும். வடிகட்டி, தெளிந்த வடிநீரில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு வரும், அம்மோனியாவில் கரையும். துகளைச் சுற்றியிருந்த இடத்தைச் சல்பேட் பிடித்துக்கொள்ள, அதுவரை கட்டுண்டிருந்த குளோரைடு வெளியே வந்துவிட்டது. சோடியம் சல்பேட் கரைசலைத் தனியாகவும் சோதித்துவிடுங்கள், அதிலேயே குளோரைடு கலந்திருந்தால் சோதனை செல்லாது. போன ஆண்டு இதைச் செய்துகாட்டியபோது ஒரு மாணவி, “அப்போ சார், வெளியே இல்லைன்னா உள்ளேயும் இல்லைன்னு எழுதினது தப்பா?” என்று கேட்டார். தப்புதான், அந்த வரி பல ரெக்கார்டு நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வருகிறது.

இனி, எப்போது நிறுத்துவது. குளோரைடு சுத்தமாகப் பூஜ்யமாகும் வரை ஓட்டினால் கூழ்மம் போய்விடும். கடைசி குளோரைடோடு மின்சுமையும் போவதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்காமல் ஒட்டிக்கொள்ளும். முதலில் செந்தெளிவு மங்கிக் கலங்கல் தட்டும், பிறகு பையின் அடியில் கொழகொழவென்று பழுப்பாகப் படியும். நான் பார்க்கும் அடையாளம் இது: புதுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் தெளிவு, ராத்திரி முழுக்க விட்டுச் சோதித்தால் மட்டும் லேசான மங்கல். அந்த நிலையில் தனி உப்பெல்லாம் போய்விட்டது, கசிவு மட்டும்தான் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். கடத்துதிறன் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு மாற்றத்திலும் சரசரவென்று இறங்கிய எண், ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கும், அங்கே நிறுத்துங்கள். மீட்டரும் இல்லாத ஆய்வகத்தில், சோதனைக்குழாயை ஒரு கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் கண்ணே ஓரளவுக்குப் போதும்.

உங்கள் கணக்கில் 2 நாள் ஆகிவிட்டது. கூழ்மம் இன்னும் தெளிவான செம்பழுப்பாக இருந்தால் இன்றே பையை அவிழ்த்துக் கூழ்மத்தைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். டயாலிசிஸ் செய்யாத கூழ்மத்திலும் கொஞ்சம் எடுத்து வைத்து, இரண்டையும் சம அளவில் எடுத்து, நீர்த்த சோடியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எது எத்தனை சொட்டில் திரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்தது முந்திக்கொண்டு திரிந்தால், ரெக்கார்டில் ‘டயாலிசிஸ் கூழ்மத்தின் நிலைப்புத்தன்மையைக் கூட்டும்’ என்று வழக்கமாக எழுதும் வரியை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.