மட்டுக்குறி குறியைத்தான் பார்த்துக்கொள்ளும், பூஜ்ஜியத்தை அல்ல: 1/x பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 1/x-ஐத் தொகையிடுவது பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ln x-ஐ வகையிட்டால் 1/x வருகிறது. அப்படியானால் 1/x-ஐத் தொகையிட்டால் ln x என்றுதானே வர வேண்டும்? நடுவில் ln|x| என்று மட்டுக்குறி எங்கிருந்து வந்தது?

1/x என்ற சார்பு பூஜ்ஜியத்தைத் தவிர எல்லா மெய்யெண்களுக்கும் உண்டு. ln x மிகை எண்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆக, ln x என்று எழுதி நிறுத்தினால் பாதிக் கோட்டுக்குத்தான் விடை சொல்லியிருக்கிறீர்கள்.

மீதிப் பாதிக்கு ln(−x)-ஐ எடுங்கள். x = −3 என்றால் −x = 3, அதற்கு மடக்கை உண்டு. இதைச் சங்கிலி விதிப்படி வகையிட்டால் 1/(−x)-ஐ −1 ஆல் பெருக்க வேண்டும். இரண்டு கழித்தல் குறிகளும் அடிபட்டு 1/x மிஞ்சும். வலப்பக்கம் ln x, இடப்பக்கம் ln(−x). இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதும் சுருக்கம்தான் ln|x|. அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

கேள்வி: −4 முதல் −1 வரை 1/x-ஐத் தொகையிட்டேன். மட்டுக்குறி போடாமல் ln(−1) − ln(−4) என்று எழுதி, அதை ln(1/4) ஆக்கினேன். புத்தகத்தில் உள்ள விடையே வந்தது. பிறகு மட்டுக்குறி எதற்கு?

விடை சரி, வழி தப்பு. ln a − ln b = ln(a/b) என்ற விதி a, b இரண்டும் மிகை எண்களாக இருந்தால் மட்டுமே செல்லும். மெய்யெண்களில் ln(−1) என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றிலிருந்து இல்லாத இன்னொன்றைக் கழித்திருக்கிறீர்கள். கலப்பெண்களில் இரண்டு மடக்கையிலும் ஒரே iπ கூடுவதால் அது கழிந்துபோய்விட்டது. உங்களைக் காப்பாற்றியது அதுதான்.

சரியான வழி இதைவிட நீளம்கூட இல்லை: ln|−1| − ln|−4| = ln 1 − ln 4, ஏறக்குறைய −1.39. இங்கே வேறொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. மட்டுக்குறியைப் பார்த்ததும் எல்லைகளையே 1 முதல் 4 வரை என்று மாற்றிப் போட்டு +1.39 என்று எழுதிவிடுகிறார்கள். எழுதும் முன் வரைபடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கத்தில் வளைகோடு x-அச்சுக்குக் கீழே இருக்கிறது, விடை குறை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். இந்த இடைவெளியில் 1/x-ன் மதிப்பு −1-க்கும் −0.25-க்கும் இடையில், அகலம் 3. ஆகவே விடை −3-க்கும் −0.75-க்கும் நடுவே விழ வேண்டும். −1.39 அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: SymPy-யில் போட்டால் மட்டுக்குறி இல்லாமல் விடை வருகிறதே. மென்பொருள் தப்பா?

தப்பில்லை.

```
integrate(1/x, x)
```

இதற்கு அது log(x) என்று தரும். அது x-ஐக் கலப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மெய்யெண்களில் கணக்குப் போடுகிறீர்கள் என்றால் மட்டுக்குறியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 2x/(x²+1)-ஐத் தொகையிட்டு ln(x²+1) என்று எழுதினால் மட்டுக்குறி விட்டுப்போனது என்று ஆகுமா?

ஆகாது. x²+1 எப்போதும் மிகைதான். போட்டாலும் கெடுதல் இல்லை, போடாவிட்டாலும் இல்லை.

கேள்வி: −1 முதல் 2 வரை 1/x-ன் தொகை ln|2| − ln|−1| = ln 2. மட்டுக்குறியெல்லாம் சரியாகப் போட்டும் இந்த விடை தப்பு என்கிறார்கள். ஏன்?

இந்தத் தவறுதான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது. மட்டுக்குறி போடக் கற்றுக்கொடுக்கிறோம், அது எதைச் செய்யாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மட்டுக்குறி இல்லாமல் இதே கணக்கைப் போட்டிருந்தால் கால்குலேட்டர் ln(−1)-இல் பிழை காட்டி உங்களை நிறுத்தியிருக்கும். மட்டுக்குறி அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, 0.693 என்று பார்க்க லட்சணமான ஓர் எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது.

எல்லைகளைப் பிரதியிட்டுக் கழிப்பதற்கு நமக்கு அனுமதி தருவது நுண்கணித அடிப்படைத் தேற்றம். எதிர் வகைக்கெழு அந்த இடைவெளி முழுவதும் அறுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ln|x| பூஜ்ஜியத்தில் பாதாளத்துக்குப் போகிறது. −1-க்கும் 2-க்கும் நடுவே பூஜ்ஜியம் உட்கார்ந்திருக்கிறது. அப்போது தேற்றம் செல்லாது, கழித்தலும் செல்லாது.

சரி, முறைப்படியே செய்து பார்ப்போம். பூஜ்ஜியத்தைச் சுற்றிச் சிறிதளவு வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் தனித்தனியே தொகையிடுவோம். −1 முதல் −0.001 வரை தொகை ln 0.001, ஏறக்குறைய −6.91. 0.001 முதல் 2 வரை தொகை 7.60. இரண்டையும் கூட்டினால் 0.69. பார்த்தீர்களா, ln 2 வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். வலப்பக்கத்தில் 0.001-க்குப் பதிலாக 0.002 வரை வெட்டுங்கள். அந்தத் துண்டு 6.91 ஆகிறது, மொத்தம் பூஜ்ஜியம். 0.0005 வரை மட்டும் வெட்டினால் மொத்தம் 1.39. வெட்டை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த வித்தியாசம் குறையாது. வலது வெட்டு இடது வெட்டைப்போல k மடங்கு என்றால் விடை எப்போதும் ln 2 − ln k. நீங்கள் விரும்பும் எந்த எண்ணையும் k-ஐ மாற்றி வரவழைக்கலாம். விரும்பிய எண்ணெல்லாம் வருகிறது என்றால் விடை என்று ஒன்று இல்லை என்று பொருள். தனித்தனியே பார்த்தால் ஒரு துண்டு குறை முடிவிலிக்கும் இன்னொன்று மிகை முடிவிலிக்கும் ஓடுகின்றன. இந்தத் தொகை விரிகிறது, அவ்வளவுதான்.

இருபுறமும் சமமாக வெட்டினால் வரும் ln 2-க்குக் கோஷி முதன்மை மதிப்பு என்று பெயர். அது பயனுள்ள கருத்துதான், ஆனால் சாதாரணத் தொகையீடு அல்ல. அதைக் கேட்டிருந்தால் அந்தப் பெயரோடு எழுதுங்கள். ‘1/x ஒற்றைச் சார்பு, ஆகவே −1 முதல் 1 வரை அடிபட்டுப்போகும்’ என்று வாதிடுவோருக்கும் இதே பதில்தான்: இருபுறமும் முடிவுள்ள எண்களாக இருந்தால்தான் அடிபடும்.

எண்முறையில் கணக்கிட்டுச் சரிபார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். −1 முதல் 2 வரையுள்ள இடைவெளியை 3 பகுதிகளாகப் பிரித்து நடுப்புள்ளி முறையில் 0.667, 6 பகுதிகளில் 0.686, 12-இல் 0.691 என்று ln 2-ஐ நோக்கிப் போகிறதாம். எண்கள் சரிதான். ஆனால் பகுதிகளின் எண்ணிக்கை 3-ன் மடங்காக இருக்கும்போது −1 முதல் 1 வரையுள்ள நடுப்புள்ளிகள் பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் சமச்சீராக விழுந்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அவர் கணக்கிட்டது உண்மையில் 1 முதல் 2 வரையுள்ள தொகையைத்தான். அதே கணக்கை 4 பகுதிகளில் போட்டால் 6.12 வரும், 5 பகுதிகளில் −4.76 வரும். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மட்டும் சோதிக்காதீர்கள், ஒன்று கூட்டியும் சோதியுங்கள். விடை தாவிக் குதித்தால் நடுவில் எங்கோ பின்னத்தின் அடியில் உள்ள பகுதி பூஜ்ஜியமாகிறது.

கேள்வி: 1/(x−3)-ஐத் தொகையிட்டேன், விடை பொருந்தவில்லை. எங்கே தப்பு?

எல்லைகளை எழுதாமல் அனுப்பினால் நான் எதைப் பார்ப்பது? இந்த வகைக் கணக்கில் விஷயமே எல்லைகளில்தான் இருக்கிறது.

0 முதல் 2 வரை என்றால் ln|−1| − ln|−3| = −ln 3, ஏறக்குறைய −1.1. 4 முதல் 6 வரை என்றால் ln 3 − ln 1, அதாவது +1.1. 0 முதல் 5 வரை என்றால் விடையே கிடையாது. இங்கே கவனிக்க வேண்டிய இடம் x = 0 அல்ல, x = 3. பகுதி எங்கே பூஜ்ஜியமாகிறது என்று கண்டுபிடித்து, அது எல்லைகளுக்கு நடுவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். மட்டுக்குறியைப் பிறகு போடலாம். பகுதிப் பின்னங்களாகப் பிரித்த கணக்கில் ஒவ்வொரு பின்னத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: 30 டிகிரி அறையில் 5 டிகிரி நீரை வைத்தால் 20 டிகிரி ஆக எவ்வளவு நேரம் ஆகும்? நியூட்டன் விதியில் k நிமிடத்துக்கு 0.1. எனக்கு ln(−25) வந்து நிற்கிறது.

dT/dt = −k(T − 30) என்பதைப் பிரித்து எழுதினால் இடப்பக்கம் dT/(T − 30) வரும். ஆறும் பொருளுக்கு T − 30 மிகை எண். உங்கள் நீரோ சூடாகிக்கொண்டிருக்கிறது, T − 30 தொடக்கம் முதலே குறை எண். மட்டுக்குறி கட்டாயம் தேவைப்படும் இடம் இதுதான். T = 5 முதல் 20 வரை தொகை ln|−10| − ln|−25| = ln 0.4, ஏறக்குறைய −0.92. இது −0.1t-க்குச் சமம், ஆகவே சுமார் 9 நிமிடம். T என்றுமே 30-ஐத் தொடாததால் பகுதி பூஜ்ஜியமாகும் சிக்கல் இங்கே எழாது.

கேள்வி: வலப்பக்கத்துக்கு ஒரு C, இடப்பக்கத்துக்கு வேறொரு C என்று வைத்துக்கொள்ளலாமா?

கறாராகப் பார்த்தால் அப்படித்தான் வைக்க வேண்டும். 1/x-ன் சார்பகம் பூஜ்ஜியத்தில் இரண்டு துண்டாகிறது, ஒரு துண்டின் மாறிலி இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. எல்லைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து C கழிந்துபோய்விடும், வரையறுத்த தொகையில் எந்த மாற்றமும் வராது. எல்லைகள் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் இரண்டு மாறிலிகளின் வித்தியாசம் விடையில் ஒட்டிக்கொள்ளும், அது எந்த எண்ணாகவும் இருக்கலாம். மேலே வெட்டுகளின் மடங்கு k-ஐ வைத்துக் காட்டியதும் இதைத்தான்.

கேள்வி: tan x-ஐ 0 முதல் 2π/3 வரை தொகையிட்டால் ln 2 தானே?

இல்லை. −ln|cos x|-இல் எல்லைகளைப் போட்டால் ln 2 வரும்தான். ஆனால் π/2-இல் cos x பூஜ்ஜியம்.