14-ம் 3-ம் 17 தானே? செயின் பில்லுல இடிக்கிற 658 ரூபாய்

கேள்வி: சார், தங்கச்சி கல்யாணத்துக்கு 2 பவுன்ல ஒரு செயின் பாத்து வச்சிருக்கோம். 16 கிராம், கிராம் 9,000 ரூபாய், சேதாரம் 14%, ஜிஎஸ்டி 3%. நான் 14-யும் 3-யும் கூட்டி 17% போட்டா 1,68,480 வருது. கடைல 1,69,138-னு எஸ்டிமேட் குடுத்தாங்க. 658 ரூபாய் ஏன் ஜாஸ்தி? இன்னொரு கடைல அதே எடைக்கு சேதாரம் 9% தான், செய்கூலி மட்டும் கிராமுக்கு 500-ங்கிறாங்க. அங்கயே வாங்கிடலாமா?

பதில்: முதல் கடைக்காரர் கணக்கு சரி, ஏமாத்தல. நீங்க ரெண்டு சதவீதத்தையும் கூட்டினதுலதான் விஷயம் இருக்கு. 14% தங்கத்தோட விலை மேல போடறது, ஆனா 3% அப்படி இல்ல, தங்கமும் சேதாரமும் சேந்து வர்ற மொத்தத்து மேல போடறது. ரெண்டுக்கும் அடித்தளமே வேற, அதனால கூட்டக்கூடாது, பெருக்கணும்.

மெதுவா போட்டுப் பாருங்க. 16 கிராம், கிராம் 9,000, அப்போ தங்கம் 1,44,000. அதுல 14% 20,160, இது சேதாரம் (கடைல இதையே 16 கிராமுக்கு 2.24 கிராம் சேதாரம்னு எடையா சொல்லுவாங்க, ரூபாயா மாத்தினா அதே தான்). ரெண்டும் சேந்து 1,64,160. இந்த தொகைக்கு 3% ஜிஎஸ்டி போட்டா 4,924.80. ஆக 1,69,084.80. ஃபோன் கால்குலேட்டர்ல ஒரே வரில போடணும்னா இப்படி:

```
16 × 9000 × 1.14 × 1.03 = 169084.80
```

1.14-ஐ 1.03-ஆல பெருக்கினா 1.1742 வரும், அதாவது நீங்க உண்மையில குடுக்கிறது 17.42%. அந்த 0.42% எங்கருந்து வந்ததுன்னா, சேதாரத்துக்கும் சேத்து வரி கட்டறீங்கல்ல, 20,160-க்கு 3% 604.80, அது தான். மீதி 53.10 ஹால்மார்க் கட்டணம். ஒரு நகைக்கு 45 ரூபாய், அதுக்கு 18% வரி, எடை எவ்வளவா இருந்தாலும் ஒரு பீஸுக்கு அவ்ளோ தான். 604.80-ம் 53.10-ம் 657.90, ரவுண்டு பண்ணி 658.

இதுல இன்னொரு குழப்பமும் நிறைய பேருக்கு இருக்கு, தங்கத்துக்கு 3%, செய்கூலிக்கு 5%னு தனித்தனியா வரி போடணும்னு படிச்சிருப்பாங்க. அந்த 5% நம்ம கைல இருக்கிற தங்கத்தைக் குடுத்து ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கிற ஆசாரிகிட்ட நகை செஞ்சு வாங்கினா அவர் கூலிக்கு வர்றது. கடைல ரெடியா இருக்கிற செயினை வாங்கும்போது தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேத்து 3% தான். உங்க பில்லுல வரி 4,925-க்கு பதிலா 5,328-னு வந்திருந்தா யாரோ அந்த 5%-ஐ சொருகிட்டாங்கன்னு அர்த்தம், அப்போ கேளுங்க.

இப்போ ரெண்டாவது கடை. 14-க்கு பதிலா 9-ன்ன உடனே மனசு அங்க போயிடும், ஆனா கிராமுக்கு 500-ங்கிறது சும்மா ஒரு ஓரமா சொல்ற தொகை இல்ல. கிராம் 9,000 விலைல 500-ங்கிறது 5.56%. 9-ஐயும் அதையும் கூட்டினா 14.56%, முதல் கடையை விட கூட! (இங்க கூட்டலாம், ஏன்னா ரெண்டுமே தங்க விலை மேல நேரா வர்றது.) ரூபாயா பாத்தா சேதாரம் 12,960, செய்கூலி 8,000, மொத்தம் 20,960. முதல் கடைல 20,160. வரியோட சேத்தா ரெண்டாவது கடைல 824 ரூபாய் ஜாஸ்தி குடுப்பீங்க. கல்யாண செலவுல 824 பெரிய காசு இல்ல தான், ஆனா கம்மின்னு நெனச்சு போய் ஜாஸ்தி குடுக்கறது எதுக்கு.

கடையை கடையோட ஒப்பிட நான் சொல்ற வழி ரொம்ப சிம்பிள். வரிக்கு முன்னாடி உள்ள தொகையை, ஹால்மார்க்கையும் விட்டுட்டு, எடையால வகுங்க. முதல் கடை 1,64,160-ஐ 16-ஆல வகுத்தா கிராமுக்கு 10,260. ரெண்டாவது கடை 10,310. வரியும் ஹால்மார்க்கும் எல்லா இடத்துலயும் ஒண்ணு தான், அதைப் பத்தி யோசிக்கவே வேணாம். சேதாரம், செய்கூலி, வி.ஏ.ன்னு எந்தப் பேர் வச்சாலும் இந்த ஒரு நம்பர்ல எல்லாம் மாட்டிக்கும். ஆனா ஒண்ணு, ரெண்டு எஸ்டிமேட்டும் ஒரே நாள்ல, ஒரே 22 கேரட் ரேட்ல எடுத்ததா இருக்கணும், ரேட்டு காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு மாறுற நாளும் உண்டு. டாலர்ல கல்லு ஏதாவது இருந்தா கல் எடையை கழிச்ச நிகர எடையால வகுக்கணும், கல்லுக்கு விலை தனியா போட்டிருக்கானு பாக்கணும். கல்லையும் தங்க ரேட்ல போட்டா அது பெரிய அடி.

பேரம் பேசும்போது ஒரு இடத்துல ஜாக்கிரதை. "சேதாரத்துல 2% குறைக்கிறோம்மா"ன்னு சொன்னா உடனே சரின்னுடாதீங்க, 14% 12% ஆகுதான்னு கேளுங்க. 12 ஆனா வரியோட சேத்து 2,966 ரூபாய் மிச்சம். அதுவே சேதாரத் தொகையான 20,160-ல 2% மட்டும் தள்ளினா மிச்சம் வெறும் 415. சொல்ற வார்த்தை ஒண்ணு, தொகைல ஏழு மடங்கு வித்தியாசம். "சேதாரத்துல 25% தள்ளுபடி"ன்னு போர்டு வைக்கிறதும் இப்படித்தான், 14-ல கால் பங்கு 3.5, அதனால 10.5% ஆகும், அவ்ளோ தான். அதோட சில கடைல தள்ளுபடி போடற வாரத்துல சேதாரத்தையே ஏத்தி வச்சு ஆரம்பிப்பாங்க, அதனால தான் கிராமுக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாக்கச் சொல்றேன்.

பழைய நகை ஏதாவது போட்டு வாங்கறதா இருந்தா, புது செயினோட முழு தொகைக்கும் வரி போட்டுட்டு அப்புறம் தான் பழசோட மதிப்பை கழிப்பாங்க. மீதி குடுக்கிற காசுக்கு மட்டும் தானே வரின்னு நிறைய பேர் சண்டை போடறாங்க, அது அப்படி இல்ல.

தங்கச்சிக்கு இது சேமிப்பாவும் இருக்கும்னு வீட்ல யாராவது சொன்னா அவங்ககிட்ட இந்த கணக்கை காட்டுங்க. விக்கப் போகும்போது சேதாரமும் வரியும் திரும்பி வராது, தங்கத்துக்கு மட்டும் தான் காசு. 1,69,138-ஐ 16-ஆல வகுத்தா 10,571, அதாவது இன்னைக்கு 9,000-ல இருக்கிற கிராம் 10,571-க்கு ஏறினா தான் போட்ட காசு கைக்கு வரும், அதுவும் வாங்குற கடைக்காரர் ஒண்ணும் பிடிக்காம இருந்தா. போடறதுக்கு வாங்குறீங்கன்னா டிசைனுக்கு குடுக்கிற காசு இது, அதுல தப்பே இல்ல. சேமிப்பும் முக்கியம்னா அதே கடைல மெஷின் கட்டிங் செயின் காட்டச் சொல்லுங்க, கையால செஞ்ச வேலையை விட அதுல சேதாரம் பொதுவா நல்லாவே கம்மி.

காசு கட்டறதுக்கு முன்னாடி எடை, ரேட்டு, சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி, ஹால்மார்க் எல்லாம் தனித்தனி வரியா பில்லுல இருக்கானு பாத்துக்கோங்க. செயின்ல 22K916-ம் 6 எழுத்து HUID நம்பரும் பொறிச்சிருக்கும், அந்த நம்பரை BIS Care ஆப்ல அங்கயே போட்டுப் பாத்துட்டு கார்டை நீட்டுங்க.