டெண்டர் நிராகரிப்புக் கடிதம்: காரணத்தை எப்படி எழுதுவது?

நகராட்சியில் எழுத்தராக இருக்கிறேன். வடிகால் பணிக்கான டெண்டரில் ஒருவருக்கு, "தங்களுக்குப் போதிய அனுபவம் இல்லாததாலும், தங்கள் பணித்தரம் திருப்திகரமாக இல்லாததாலும் நிராகரிக்கப்படுகிறது" என்று வரைவு தயாரித்தேன். மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தவறு?

இரண்டு தவறுகள். "போதிய" என்றால் எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரியாது. "திருப்திகரமாக இல்லை" என்பது யாரோ ஒருவரின் அபிப்பிராயம். பழைய மனக்கசப்பு என்றே ஒப்பந்ததாரர் அதைப் படிப்பார்.

மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நிபந்தனை, அவர் கொடுத்தது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி என்ற வரிசையில் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய கோப்பு விவரத்தின்படி இப்படி இருக்கலாம்:

"ஒப்பந்தப்புள்ளி ஆவணம் பிரிவு 7-இன்படி, கடந்த 5 நிதியாண்டுகளுக்குள் ரூ. 60 லட்சத்துக்குக் குறையாத ஒரு வடிகால் பணியை முடித்திருக்க வேண்டும். தங்கள் ஆவணத்தின் 23-ஆம் பக்கத்திலுள்ள சான்றிதழில் பணி மதிப்பு ரூ. 41 லட்சம் என உள்ளது. வேறு பணிமுடிப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. எனவே தங்கள் ஒப்பந்தப்புள்ளி தொழில்நுட்பத் தகுதி பெறவில்லை."

"அனுபவம் இல்லை" என்று இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு அனுபவம் இருக்கலாம். சான்றிதழ் வைக்க மறந்திருக்கலாம். உங்கள் கையில் இருப்பது உறைக்குள் வந்த காகிதம் மட்டுமே.

எதற்கு இவ்வளவு? குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான் பணி. மற்ற எல்லோருக்கும் "விலை அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே?

விலை உறை திறக்கப்பட்டவர்களுக்கு அது சரி. அங்கேயும் அவர் கொடுத்த தொகையையும் ஏற்கப்பட்ட தொகையையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் இரு உறை முறையில், தொழில்நுட்பக் கட்டத்திலேயே விழுந்தவரின் விலை உறை திறக்கப்படுவதில்லை. அவருக்கு "விலை அதிகம்" என்று கடிதம் போனால், திறக்கக் கூடாத உறையைத் திறந்துவிட்டீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஒரே வார்ப்புருவை எல்லோருக்கும் நகலெடுப்பதால் வரும் வினை இது.

காரணத்தைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் விரிவாகச் சொல்லலாம் என்கிறார் எங்கள் அலுவலர்.

மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்குக் காட்டுங்கள். ஓர் ஆணை அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும். பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணம் சேர்த்து அதைத் தாங்க முடியாது. அது தேர்தல் தொடர்பான வழக்கு. டெண்டர் வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

நான் ஒப்பந்ததாரர். எனக்கு வந்த கடிதத்தில் "முந்தைய பணியில் தாமதம்" என்று இருந்தது. அங்கே நிலத்தையே அவர்கள் ஒப்படைக்கவில்லை! டெண்டர் ஆவணத்தில் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. நான் என்ன செய்வது?

இங்கே பேசுவது கடிதம் எழுதுவதைப் பற்றி. ஆனாலும் நாள் கடந்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998-இன் 11-ஆம் பிரிவின்படி, ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கடித உறையைத் தூக்கி எறியாமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

எழுதுபவர்களுக்கு இதில் பாடம் உண்டு. ஆவணத்தில் இல்லாத நிபந்தனை கடிதத்தில் காரணமாக வரக் கூடாது. தாமதத்தைக் கணக்கில் எடுப்பதானால் டெண்டர் விடும்போதே அளவுகோலோடு எழுதியிருக்க வேண்டும். அனுப்பும்போது ஒப்புகை அட்டையும் வையுங்கள்; அந்த 10 நாள் கிடைத்த தேதியிலிருந்து ஓடுகிறது.

வாசகம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் பாரபட்சம் என்று புகார் வருகிறதே?

அனுப்பும் முன் எல்லாக் கடிதங்களையும் மேசையில் பரப்பி, வெற்றி பெற்றவரின் மதிப்பீட்டுத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவரிடம், தணிக்கை அறிக்கையில் கையொப்பம் விட்டுப்போனதற்கு விளக்கம் கேட்டு வாங்கியிருப்பார்கள். அதே குறைக்கு இன்னொருவரை நிராகரித்திருப்பார்கள். இது வாசகத்தைத் திருத்தித் தீராது. கோப்பு மதிப்பீட்டுக் குழுவுக்கே திரும்ப வேண்டும். மெருகேற்றி அனுப்பினால் மூடிமறைப்பில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்.

மதிப்பெண் முறையில் வென்றவரின் மதிப்பெண்களையும் தலைப்புவாரியாகக் கொடுக்க வேண்டுமா? எங்கள் நிறுவனத்தில் கொடுப்போம். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

எனக்கு இதில் இரண்டு மனம். தோற்றவரின் மதிப்பெண்ணைத் தலைப்புவாரியாகவும், வென்றவருடையதை மொத்தமாகவும் கொடுப்பது என் வழக்கம். வென்றவரின் தொழில்முறை விவரம் வெளியே போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் வெறும் எண்ணில் என்ன இரகசியம் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் வலுவான பதில் இல்லை.

"வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கலாமா?

தொடங்குங்கள், தவறில்லை. "அடுத்த முறை நிச்சயம் வாய்ப்பு உண்டு" என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், முன்வைப்புத் தொகை எப்போது, எந்த வழியில் திரும்பும் என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் முதலில் தேடுவது அதைத்தான்.